ரன் அவுட்டா இல்லையா: ஃபிரேமை நிறுத்திப் பார்ப்பது எப்படி, அது எங்கே கைவிடும்

2023 ஜூலை 28, லண்டன் ஓவல் மைதானம். ஆஷஸ் தொடரின் ஐந்தாவது டெஸ்ட், இரண்டாம் நாள். ஸ்டீவ் ஸ்மித் இரண்டாவது ரன்னுக்குத் திரும்பி ஓடி வருகிறார். மாற்று ஃபீல்டராக வந்திருந்த ஜார்ஜ் ஈலம் எறிந்த பந்து, விக்கெட் கீப்பர் ஜானி பேர்ஸ்டோவின் கைக்கு வந்து சேர்கிறது. ஸ்மித் பாய்கிறார், பேர்ஸ்டோ ஸ்டம்பைத் தட்டுகிறார். ரீப்ளேயைப் பார்த்த ஸ்மித்தே பெவிலியனை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பெயில் எழும்பிய ஃபிரேமில் அவருடைய மட்டை கோட்டுக்கு வெளியே இருந்தது. ஆனால் மூன்றாவது நடுவர் நிதின் மேனன் நாட் அவுட் என்றார். ஸ்மித் 71 ரன் எடுத்தார்.

அன்று அந்த ஒரு ஃபிரேமின் படத்தைப் போட்டு "இது எப்படி நாட் அவுட்?" என்று கேட்காதவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் மேனன் செய்தது சரி. விதி 29 சொல்வது இதுதான்: ஸ்டம்பின் தலையிலிருந்து குறைந்தது ஒரு பெயிலாவது முழுதாக நீங்க வேண்டும், அல்லது ஒரு ஸ்டம்ப் தரையிலிருந்து பிடுங்கப்பட வேண்டும். பெயில் ஆடுவது போதாது. ஒரு முனை தூக்கிக்கொண்டு மறுமுனை பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாலும் போதாது. ஓவலில் எல்லோரும் நிறுத்திப் பார்த்த ஃபிரேமில் பெயிலின் ஒரு முனை மட்டும்தான் எழும்பியிருந்தது. அது முழுதாக விடுபட்டதைக் காட்டும் ஃபிரேமுக்கு வருவதற்குள் மட்டை உள்ளே வந்துவிட்டது.

ரன் அவுட், ஸ்டம்பிங் காட்சிகளை நீங்களே நிறுத்திப் பார்த்து முடிவு சொல்வதற்கான முறையை இங்கே எழுதுகிறேன். டிவி கிளிப்புக்கும் உங்கள் ஊர் போட்டியில் செல்போனில் எடுத்த வீடியோவுக்கும் இதே முறைதான். பந்து மட்டையில் பட்டதா, கேட்ச் தரையில் பட்டதா என்பதெல்லாம் வேறு கதை. அவற்றை இதில் சேர்க்கவில்லை.

முதலில், எந்தக் கோடு என்பதை முடிவு செய்யுங்கள்

தரையில் வெள்ளையாகத் தெரிவது ஒரு பட்டை. பாப்பிங் கிரீஸ் என்பது அந்தப் பட்டையின் பின் விளிம்பு, அதாவது ஸ்டம்பைப் பார்த்த பக்கத்து விளிம்பு மட்டும்தான். மட்டையோ காலோ அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே தரையைத் தொட்டிருக்க வேண்டும். பட்டையின் மேல் இருந்தால் அவுட்தான். "கோட்டைத் தொட்டுட்டானே" என்ற வாதத்தைப் பாதிப் போட்டிகளில் கேட்டிருக்கிறேன். கோட்டைத் தொட்டால் அவர் இன்னும் வெளியே இருக்கிறார் என்று பொருள்.

2017-இல் விதி 30-இல் ஒன்று சேர்த்தார்கள். ஓடியோ பாய்ந்தோ வரும் பேட்டர் ஒரு முறை உள்ளே தரையைத் தொட்டுவிட்டு, அதே வேகத்தில் போகும்போது மட்டையோ காலோ தரையை விட்டு எழும்பினாலும் அவர் அவுட் இல்லை. ஆகவே பெயில் விழும் ஃபிரேமில் மட்டை காற்றில் இருந்தால் உடனே முடிவு சொல்லாதீர்கள். நாலைந்து ஃபிரேம் பின்னால் போய், அது ஏற்கெனவே உள்ளே பதிந்ததா என்று பாருங்கள். ஸ்டம்பிங்கில் பேட்டர் ஓடி வருவதில்லை என்பதால் அங்கே இந்தச் சலுகை கிடையாது.

ஒரு ஃபிரேம் போதாது, இரண்டு வேண்டும்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெயில் இன்னும் உட்கார்ந்திருக்கும் கடைசி ஃபிரேமைக் கண்டுபிடியுங்கள். அதை முன் ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, பெயில் முழுதாக விடுபட்டிருக்கும் முதல் ஃபிரேம். அது பின் ஃபிரேம். பெயில் விடுபட்ட உண்மையான நொடி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த நொடியை கேமரா பார்க்கவே இல்லை.

இப்போது மட்டையைப் பாருங்கள். முன் ஃபிரேமிலேயே மட்டை உள்ளே பதிந்திருந்தால் சந்தேகமில்லாமல் நாட் அவுட். பின் ஃபிரேமிலும் மட்டை வெளியே இருந்தால் சந்தேகமில்லாமல் அவுட். முன் ஃபிரேமில் வெளியே, பின் ஃபிரேமில் உள்ளே என்றால் அந்த வீடியோவுக்குப் பதில் தெரியாது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாது.

பதில் தெரியாத இந்த இடத்துக்கு ஐசிசி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. சாதாரண பெயில் என்றால், பெயில் ஸ்டம்போடு தொடர்பை முழுதாக இழந்ததாகத் தெரியும் முதல் ஃபிரேமையே விக்கெட் விழுந்த நொடியாகக் கொள்ள வேண்டும். உள்ளே விளக்கு வைத்த பெயில் என்றால், அந்த விளக்கு எரியும் முதல் ஃபிரேம். இரண்டிலும், அடுத்தடுத்த ஃபிரேம்களில் பெயில் நிரந்தரமாக நீங்கியதும் தெரிய வேண்டும். அதாவது பின் ஃபிரேமை வைத்துத்தான் தீர்ப்பு. பெயில் உண்மையில் விடுபட்டது அதற்குச் சற்று முன்னால்தான் என்பதால், அந்தச் சிறு இடைவெளி பேட்டருக்குச் சாதகமாகப் போகிறது. உண்மையான நொடி எதுவென்று இந்த விதி கண்டுபிடிப்பதில்லை. எல்லோரும் ஒரே நொடியை எடுத்துக்கொள்ளும்படி செய்கிறது. நடுவர் சொன்னது சரியா என்று பார்க்கும்போது, விதிப்படி சரியா, நடந்தது அதுதானா என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்?

கணக்கு எளிது. பேட்டரின் வேகத்தை ஒரு நொடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால், இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் மட்டை நகரும் தூரம் வந்துவிடும். வேகமாக ஓடிவரும் பேட்டருக்கு நொடிக்கு 7 மீட்டர் என்று வைப்போம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் இடைவெளி 28 செ.மீ. 50 ஃபிரேமில் 14 செ.மீ. 300 ஃபிரேமில் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

மூன்றாவது நடுவர் முறையில் முதன்முதலாக அவுட் ஆனவர் சச்சின் டெண்டுல்கர். 1992 நவம்பர் 14, டர்பன் டெஸ்ட். ஜான்டி ரோட்ஸ் எறிந்த பந்தை வைத்து ஆண்ட்ரூ ஹட்சன் பெயிலைத் தட்டினார். மைதானத்தில் நின்ற சிரில் மிட்ச்லி முடிவை மேலே அனுப்ப, டிவி முன் இருந்த கார்ல் லீபன்பர்க் அவுட் என்றார். தென்னாப்பிரிக்க டிவி அப்போது நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதிப் படங்களாகப் பதிவானதால், பிரித்துப் பார்த்தால் 50 கிடைக்கும். அந்தக் காலத்துக் கிளிப்புகளை நிறுத்தினால் மட்டையின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான். அந்தச் சீப்பில் ஒரு பல் ஒரு நேரம், அடுத்த பல் 20 மில்லி நொடி தள்ளி. அதை ஒரே நொடியின் படமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் கையில் இருக்கும் வீடியோவுக்கு உண்மையில் எத்தனை ஃபிரேம் என்று ஊகிக்க வேண்டாம். கணினியில் `ffprobe` இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் அப்படியே பார்த்துவிடலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries frame=pts_time -of csv=p=0 match.mp4
```

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 60 ஃபிரேம் வீடியோ என்றால் 0.0167 வர வேண்டும். நடுவில் 0.0333 வந்தால் அங்கே ஒரு ஃபிரேம் காணோம். செல்போன்கள் வெளிச்சம் குறைந்தால் இப்படி விட்டுவிடும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த `mpv` என்ற வீடியோ பிளேயர் வசதியானது: `.` முன்னே, `,` பின்னே.

இணையத்தில் சுற்றும் கிளிப்பில் இன்னொரு ஏமாற்று உண்டு. 25 ஃபிரேம் காட்சியை 30-ஆகவோ 60-ஆகவோ மாற்றியிருந்தால், சில ஃபிரேம்கள் இரட்டிப்பாகவும், சில இரண்டு படங்களைக் குழைத்ததாகவும் இருக்கும். செயலிகள் செய்யும் செயற்கை ஸ்லோ மோஷனில், நடுவிலுள்ள ஃபிரேம்கள் எந்த கேமராவும் பார்க்காதவை. பெயில் பேய் உருவம் போல இரண்டு இடத்தில் மங்கலாகத் தெரிந்தாலோ, மட்டை ஒரு ஃபிரேமில் நின்று அடுத்ததில் தாவினாலோ, அந்தக் கிளிப்பை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

ஃபிரேம் எண்ணிக்கையோடு ஷட்டர் வேகத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு ஃபிரேமுக்குள் கேமரா எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தது என்பதுதான் ஷட்டர். 1/50 நொடி திறந்திருந்தால் நம் பேட்டரின் மட்டை 14 செ.மீ. நீளத்துக்கு இழுபட்டுத் தெரியும். 1/1000 என்றால் வெறும் 7 மி.மீ. வெயிலில் எடுத்த செல்போன் வீடியோ தெளிவாகவும், மாலை ஐந்தரைக்கு மேல் எடுத்தது குழம்பியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கேமரா கோட்டுக்கு நேரே நிற்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ள மைதானத்தின் வரைபடம் வேண்டாம், படமே சொல்லிவிடும். பக்கவாட்டு கேமரா பாப்பிங் கிரீஸுக்கு மிகச் சரியான நேரில் இருந்தால், கோடு படத்தில் செங்குத்தாக நிற்கும். கோடு சாய்ந்திருந்தால் கேமரா தள்ளி இருக்கிறது. எல்லைக் கோட்டுக்கு வெளியே, தாழ்வான இடத்தில் இருக்கும் கேமரா ஒரு பாகை விலகினாலே கோடு கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்துவிடும். ஆகவே இது நல்ல சோதனை. கேமராவே கோணலாகப் பிடிக்கப்படவில்லை என்பதை மட்டும், நடு ஸ்டம்ப் நேராக நிற்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாய்வால் என்ன கெடுதல்? மட்டை தரையில் அழுந்தியிருக்கும்வரை ஒன்றுமில்லை. தரையில் இருக்கும் பொருள் தரையில் இருக்கும் கோட்டோடு எந்தக் கோணத்திலும் சரியாகவே ஒப்பாகும். மட்டை காற்றில் இருந்தால்தான் கதை மாறும். உயரத்தில் இருப்பது, கேமராவிலிருந்து இன்னும் தள்ளி தரையில் இருப்பதுபோலத் தோன்றும். கேமரா பிட்சின் நடுப்பக்கமாக நகர்ந்திருந்தால் மட்டை இன்னும் உள்ளே போய்விட்டதாகத் தெரியும். ஸ்டம்புக்குப் பின்பக்கமாக நகர்ந்திருந்தால் இன்னும் வெளியே நிற்பதாகத் தெரியும். அளவைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம்: படத்தில் கோடு 45 பாகை சாய்ந்திருந்தால், மட்டை எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறதோ அத்தனை செ.மீ. பிழை. சாய்வு குறைந்தால் பிழையும் குறையும்.

தரையைத் தொட்டதா என்பதைத்தான் பக்கவாட்டு கேமராவில் அறிவது கடினம். மட்டையின் நிழலைத் தேடுங்கள். மட்டை நுனியும் அதன் நிழலின் நுனியும் ஒட்டிவிட்டால் தொட்டுவிட்டது. கீழே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் தொடவில்லை. புழுதி கிளம்பும் ஃபிரேமும் உதவும், ஆனால் புழுதி தொட்டதற்குப் பிறகுதான் எழும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது ஓவலுக்குத் திரும்புவோம். பெயில் பிட்சுக்குக் குறுக்கே கிடக்கிறது. பக்கவாட்டு கேமராவும் அதே குறுக்குத் திசையில்தான் பார்க்கிறது. அதனால் அந்த கேமராவுக்கு பெயில் நீளமாகத் தெரியாது. ஒரு முனை மட்டும் தெரியும், மறுமுனையும் இரண்டாவது பெயிலும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஒரு முனை தூக்கியதா, முழுதாக விடுபட்டதா என்பதை நேர் எதிரே இருந்து பார்க்கும் கேமராதான் சொல்ல முடியும். அந்த கேமராவுக்கோ மட்டைக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் தெரியாது. ரன் அவுட்டின் இரண்டு பாதிகளையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்கும் இடம் மைதானத்தில் இல்லை. மூன்றாவது நடுவர் திரையை இரண்டாகப் பிரித்துக் கேட்பது இதற்காகத்தான்.

பிரித்துப் பார்க்கும்போது இரண்டு கேமராவும் ஒரே நொடியில் படம் எடுக்க வேண்டும். ஒளிபரப்பு கேமராக்களை அப்படி இணைத்து ஓட்டுவார்கள். நீங்கள் இரண்டு செல்போனை வைத்தால் அந்த இணைப்பு இருக்காது. பந்து ஸ்டம்பில் படும் ஃபிரேம் போல, இரண்டிலும் தெரியும் ஒரு நிகழ்வை வைத்துப் பொருத்தலாம். அப்படிப் பொருத்தினாலும் ஒரு ஃபிரேம் அளவுவரை பிசகு மிஞ்சலாம். அதையும் இடைவெளியோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் லீக்கில் நடந்த ஒன்று

எங்கள் வட்டாரத்து ஞாயிற்றுக்கிழமை லீக்கில் நான் ஸ்கோர் எழுதுகிறவன். ஒரு ஆட்டத்தில், கடைசிக்கு முந்தைய ஓவரில் நேரடியாக ஸ்டம்பில் பட்ட எறி. ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர் நாட் அவுட் என்றார். ஸ்டாண்டில் வைத்திருந்த செல்போனில் 60 ஃபிரேம் வீடியோ இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஃபீல்டிங் அணியின் தம்பி ஒருவன் ஒரு ஃபிரேமை நிறுத்தி என்னிடம் நீட்டினான். "அண்ணே, பாருங்கண்ணே, பேட் இன்னும் வெளியதான இருக்கு." உண்மைதான், வெளியேதான் இருந்தது. ஆனால் பெயில் அந்த ஃபிரேமில் இன்னும் ஸ்டம்பின் மேல் இருந்தது. அவன் காட்டியது முன் ஃபிரேம்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். அளவுகோலுக்கு வேறெங்கும் போக வேண்டாம். ஸ்டம்ப் நடுவிலிருந்து பாப்பிங் கிரீஸின் பின் விளிம்புவரை 1.22 மீட்டர் என்பது விதி. கோடு போட்டவர்கள் டேப் வைத்துத்தான் போட்டிருந்தார்கள். படத்தில் அந்தத் தூரம் 244 புள்ளிகள், ஆக ஒரு புள்ளி அரை செ.மீ. கோடு செங்குத்தாகவே இருந்தது, கேமரா சரி. முன் ஃபிரேமில் மட்டை நுனி பின் விளிம்புக்கு 12 புள்ளி வெளியே, அதாவது 6 செ.மீ. பின் ஃபிரேமில் 10 புள்ளி உள்ளே, 5 செ.மீ. ஒரு ஃபிரேமில் 11 செ.மீ. நகர்வு, நொடிக்கு 6.6 மீட்டர். முந்தைய ஃபிரேம்களிலும் இதே வேகம்தான் வந்தது.

முன்னதில் வெளியே, பின்னதில் உள்ளே. முறைப்படி இங்கேயே நின்றுவிட வேண்டும். ஆனாலும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மட்டை கோட்டைக் கடந்தது பின் ஃபிரேமுக்கு ஏறக்குறைய 7.6 மில்லி நொடி முன்னால். அளவில் ஒரு செ.மீ. பிசகு விட்டால், 6 முதல் 9 மில்லி நொடி. பெயில் பின் ஃபிரேமில் ஸ்டம்புக்கு 3 செ.மீ. மேலே, அதற்கடுத்த ஃபிரேமில் 8 செ.மீ. மேலே. அப்படியானால் நொடிக்கு 3 மீட்டர் வேகம், பெயில் கிளம்பி 10 மில்லி நொடி ஆகியிருக்கும். ஆனால் சுழன்றபடி மங்கலாகத் தெரியும் பெயிலை அளக்கும்போது ஒன்றரை செ.மீ. பிசகு சாதாரணம். ஆகவே 5 முதல் 15 வரை எதுவும் இருக்கலாம்.

இதில் செல்போனின் குணம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முழுப் படத்தையும் படிக்க 15 மில்லி நொடி ஆகிறது என்று கொண்டால், ஸ்டம்பின் உயரம் என் படத்தில் எட்டில் ஒரு பங்கு என்பதால், மேலே இருக்கும் பெயிலைப் படித்து ஏறக்குறைய 2 மில்லி நொடி கழித்துத்தான் தரையில் இருக்கும் மட்டையைப் படிக்கிறது. அந்த நேரத்தில் மட்டை ஒரு செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஒரே ஃபிரேமில் தெரியும் பெயிலும் மட்டையும் ஒரே நொடியைச் சேர்ந்தவை அல்ல. அதைக் கூட்டினால் பெயில் கிளம்பியது 7 முதல் 17 மில்லி நொடிக்குள். மட்டை கடந்தது 6 முதல் 9-க்குள். இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

பெயில் முந்தியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கணக்கு சாய்கிறது. ஆனால் சாய்வது வேறு, தெரிவது வேறு. மட்டை தரையில் இருந்ததா என்பதற்கு நிழலும் தெளிவாக இல்லை. பின் ஃபிரேம் விதிப்படி நாட் அவுட், நடுவர் சொன்னதும் அதுவே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியிடம் இரண்டு ஃபிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப 240-ல எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமாண்ணே?" என்று கேட்டான். இடைவெளி 11 செ.மீ.யிலிருந்து 3 செ.மீ.க்குள் வந்திருக்கும், பெரும்பாலும் தெரிந்திருக்கும் என்றேன். இப்போது ஸ்கொயர் லெக் ஸ்டாண்டில் 240-இல் ஒரு போன் ஓடுகிறது. பந்து வீசும் முனைக்குப் பின்னால், பெயிலின் முழு நீளமும் தெரியும்படி இன்னொன்று.